வினைக்கட்டுப்பாட்டுக் காரணி: மூன்று வழியில் எந்த வழி?

மன்னார்குடியில் என் வீட்டுத் திண்ணையில்தான் சாயங்கால டியூஷன் நடக்கிறது. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள், பிளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்தி மூன்று நோட்டை என் முன்னால் விரித்து வைத்தாள். ஒன்று அவளுடையது. இன்னொன்று அவள் அண்ணன் காலேஜ் முதல் வருஷத்தில் எழுதியது. மூன்றாவது அவள் தோழியுடையது. மூன்றிலும் ஒரே மாதிரிக் கணக்கு, போட்ட விதம் மட்டும் வேறு வேறு. விடை ஒன்றுதான்.

“சார், நாளைக்கு அசைன்மென்ட் வைக்கணும். எதுல போடட்டும்?”

“எல்லாமே சரிதாம்மா.”

“அது தெரியும் சார். எதுல போடறதுன்னுதான் கேட்டேன்.”

கேள்வி நியாயமானதுதான். எல்லாம் சரி என்று சொல்லிவிட்டால் தேர்ந்தெடுக்கிறவருக்கு ஒரு உபயோகமும் இல்லை. அன்றைக்கு அவளுக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்றால் என்ன என்று டெல்டாக்காரர்களுக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் அம்பாரமாய்க் குவிந்து கிடக்கும், சாக்கு வந்து சேராது. அன்றைக்கு எத்தனை மூட்டை எடை போட்டார்கள் என்பதைத் தீர்மானித்தது நெல் இல்லை, சாக்கு. வேதிவினையிலும் எது முதலில் தீர்கிறதோ அதுதான் விளைபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும். மற்றது மிஞ்சும்.

## எதை வைத்து எடை போடுவது

மாணவர்கள் பெரும்பாலும் “எது சுருக்கம்?” என்றுதான் கேட்பார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

முதலில் பார்க்க வேண்டியது, நடுவில் தவறு செய்துவிட்டால் அந்த வழி நமக்குக் காட்டிக்கொடுக்குமா என்பது. இந்தக் கணக்குகளில் தப்பான விடையும் பார்க்கச் சரியான விடை போலவே இருக்கும். அறுபத்திரண்டரை சதவீதம் என்று வந்தால் அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அடுத்தது, கேள்வியின் மிச்சப் பகுதிகளுக்கும் அதே வேலை உதவுமா என்பது. அசைன்மென்ட்டில் கட்டுப்பாட்டுக் காரணி எது என்பதோடு நிறுத்த மாட்டார்கள். மிஞ்சியது எவ்வளவு, விளைச்சல் எத்தனை சதவீதம் என்று வரிசையாய்க் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஆரம்பிக்க வேண்டியிருந்தால் சுருக்கமான வழியும் நீண்டுபோகும்.

நேரம் இவற்றுக்குப் பிறகுதான்.

## கணக்கு இதுதான்

வயலில் போடுகிற யூரியாவையே எடுத்துக்கொள்வோம்.

2NH₃ + CO₂ → CO(NH₂)₂ + H₂O

340 கிராம் அம்மோனியாவும் 528 கிராம் கார்பன் டை ஆக்சைடும் வினைபுரிகின்றன. கிடைத்த யூரியா 450 கிராம். கட்டுப்பாட்டுக் காரணி எது, மிஞ்சியது எவ்வளவு, விளைச்சல் சதவீதம் என்ன?

மோலார் நிறைகள்: அம்மோனியா 17, கார்பன் டை ஆக்சைடு 44, யூரியா 60, தண்ணீர் 18. எந்த வழியில் போனாலும் முதல் படி கிராமை மோலாக்குவதுதான். 340 ÷ 17 = 20 மோல் அம்மோனியா. 528 ÷ 44 = 12 மோல் கார்பன் டை ஆக்சைடு.

இந்த இடத்திலேயே பாதிப் பேர் விடை சொல்லிவிடுவார்கள். “பன்னிரண்டுதான் சின்னது, அதனால கார்பன் டை ஆக்சைடு” என்பார்கள். தப்பு. ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடுக்கு இரண்டு மோல் அம்மோனியா வேண்டும் என்பதை மறந்துவிட்டார்கள். இன்னும் சிலர் கிராமைப் பார்த்து, “340தான் குறைவு, அம்மோனியா” என்பார்கள். இவர்களுக்கு விடை சரியாக வந்துவிடும், அதுதான் கஷ்டம். அடுத்த கணக்கில் 408 கிராம் அம்மோனியாவும் 484 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கொடுத்துப் பாருங்கள். அம்மோனியா 24 மோல், கார்பன் டை ஆக்சைடு 11 மோல். 11 மோலுக்கு 22 மோல் அம்மோனியா போதும். எடையில் குறைவாக இருந்த அம்மோனியா இங்கே மிஞ்சுகிறது. கிராமை வைத்துச் சொன்ன பையன் நேற்று ஜெயித்தது குருட்டாம்போக்கில்.

## வழி ஒன்று: இரண்டு விளைச்சலையும் போட்டுப் பார்ப்பது

ஒவ்வொரு வினைபடுபொருளும் முழுதாகத் தீர்ந்தால் எவ்வளவு யூரியா வரும் என்று தனித்தனியாகக் கணக்கிடுகிறோம். எது குறைவாகத் தருகிறதோ அதுதான் கட்டுப்பாட்டுக் காரணி.

அம்மோனியாவிலிருந்து: 20 மோலுக்கு 10 மோல் யூரியா, 10 × 60 = 600 கிராம்.
கார்பன் டை ஆக்சைடிலிருந்து: 12 மோலுக்கு 12 மோல் யூரியா, 12 × 60 = 720 கிராம்.

குறைவு 600. ஆகவே அம்மோனியாதான் கட்டுப்பாட்டுக் காரணி, கொள்கையளவு விளைச்சல் 600 கிராம். கிடைத்தது 450. 450 ÷ 600 × 100 = 75 சதவீதம்.

இந்த வழியின் பலம், காரணியும் விளைச்சலும் ஒரே மூச்சில் கிடைப்பது. விளைச்சல் சதவீதம் மட்டும் கேட்டிருந்தால் இதைவிட நேரான பாதை கிடையாது. ஏன் குறைந்ததை எடுக்கிறோம் என்பதும் புரிந்துவிடும்: 600 கிராம் வந்தவுடனே அம்மோனியா காலி, அதற்கு மேல் எதை வைத்துச் செய்வது?

ஆனால் மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. மிஞ்சியது எவ்வளவு என்ற கேள்விக்கு இதில் பதிலே இல்லை. அதற்குத் தனியாக, 20 மோல் அம்மோனியாவுக்கு 10 மோல் கார்பன் டை ஆக்சைடு தேவை, 12 − 10 = 2 மோல், 88 கிராம் என்று இன்னொரு ஓட்டம் ஓட வேண்டும். அந்த அவசரத்தில் 720 − 600 = 120 கிராம் மிச்சம் என்று எழுதிய தாள்களை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். அந்த 120 கிராம் யூரியா. வராமலே போன யூரியா. மிஞ்சியிருக்கும் வாயுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு விபத்து, இரண்டையும் கூட்டி 1,320 கிராம் என்று எழுதுவது. போட்ட பொருள் மொத்தமே 868 கிராம்தான் என்று ஒரு கணம் பார்த்திருந்தால் அந்தப் பேனா நின்றிருக்கும். பெரியதை எடுத்து 720 என்று எழுதினால் மட்டும் இது சட்டென்று தெரியாது, ஏனென்றால் 720 என்பது 868க்குள் அடங்கிவிடுகிறது. கூடவே வரும் தண்ணீரையும் சேர்க்க வேண்டும். 12 மோல் தண்ணீர் 216 கிராம். 720 + 216 = 936. போட்டதைவிட அதிகம், ஆகவே நடக்காது. இரண்டே வினைபடுபொருள் இருக்கும் கணக்கில் காரணியை மாற்றி எடுத்தால் விளைபொருள்கள் எல்லாவற்றின் எடையும் சேர்ந்து எப்போதும் போட்ட எடையைத் தாண்டிவிடும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, ஆனால் இந்த வழி அதைத் தானாகச் செய்யச் சொல்வதில்லை.

## வழி இரண்டு: குணகத்தால் வகுப்பது

மோல் எண்ணிக்கையைச் சமன்பாட்டில் அந்தப் பொருளுக்கு முன்னால் நிற்கும் எண்ணால் வகுக்கிறோம். சிறிய ஈவு யாருடையதோ அவர்தான் கட்டுப்பாட்டுக் காரணி.

அம்மோனியா: 20 ÷ 2 = 10
கார்பன் டை ஆக்சைடு: 12 ÷ 1 = 12

அம்மோனியா. முடிந்தது. அண்ணன் நோட்டில் இருந்தது இதுதான், இரண்டே வரி. மூன்று வினைபடுபொருள் இருந்தாலும் மூன்றே வகுத்தல். நீட் மாதிரித் தேர்வில் நாலு விடையில் ஒன்றைக் குறிக்க வேண்டிய இடத்தில் இதற்கு ஈடு இல்லை.

ஆனால் இது வாயில்லாப் பூச்சி. வகுக்கிறதுக்குப் பதிலாகப் பெருக்கிவிட்டாலும், குணகத்தை மாற்றிப் போட்டாலும், ஏதோ இரண்டு எண் வரும், அதில் ஒன்று சிறியதாக இருக்கும். தப்பென்று சொல்ல அதில் எதுவுமே இல்லை.

அதைவிடப் பெரிய வழுக்கல், அந்த ஈவை மோல் என்று நினைத்துவிடுவது. “அம்மோனியா 10” என்று எழுதியிருப்பதைப் பத்து மோல் அம்மோனியா என்று அடுத்த வரியில் எடுத்துக்கொண்டு, இரண்டுக்கு ஒன்று என்று மறுபடி பாதியாக்கி, 5 மோல் யூரியா, 300 கிராம் என்று முடிப்பார்கள். குணகத்தை இரண்டு தடவை பயன்படுத்தியாயிற்று. கிடைத்த 450ஐ அதனால் வகுத்தால் 150 சதவீதம் வரும், அப்போதாவது விழித்துக்கொள்ளலாம். கிடைத்த அளவைக் கேள்வியில் கொடுக்கவில்லை என்றால் 300 என்ற தப்பு அப்படியே போய்விடும்.

மிச்சம் கணக்கிடும்போதும் இதே கதை. நம் கணக்கில் 12 − 10 = 2 என்று ஈவுகளைக் கழித்தாலே மிஞ்சிய மோல் சரியாக வருகிறது. அது கார்பன் டை ஆக்சைடின் குணகம் 1 என்பதால் வந்த அதிர்ஷ்டம். அம்மோனியா தயாரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: N₂ + 3H₂ → 2NH₃. 56 கிராம் நைட்ரஜன் 2 மோல், 15 கிராம் ஹைட்ரஜன் 7.5 மோல். ஈவுகள் 2, 2.5. நைட்ரஜன்தான் கட்டுப்பாட்டுக் காரணி. மிஞ்சிய ஹைட்ரஜன் 0.5 மோலா? இல்லை. 2 மோல் நைட்ரஜனுக்கு 6 மோல் ஹைட்ரஜன் செலவு, மிச்சம் 1.5 மோல், 3 கிராம். 68 கிராம் அம்மோனியாவோடு சேர்த்தால் 71, போட்டதும் 56 + 15 = 71.

அப்படியானால் அந்த ஈவு என்னதான் சொல்கிறது? சமன்பாட்டில் எழுதியிருக்கும் வினை எத்தனை தடவை நடக்க முடியும் என்பதைச் சொல்கிறது. அம்மோனியாவின் இருப்பைப் பார்த்தால் வினை 10 தடவை நடக்கலாம், கார்பன் டை ஆக்சைடைப் பார்த்தால் 12 தடவை. நடப்பது 10 தடவைதான். இதைப் பிடித்துக்கொண்டவருக்கு அடுத்த வழி தானாகப் புரியும்.

## வழி மூன்று: முன், மாற்றம், பின் என்று அட்டவணை போடுவது

வினைக்கு முன் எத்தனை மோல், வினையில் எத்தனை மாறியது, பின்னால் எத்தனை இருக்கிறது என்று மூன்று வரிசை. வினை 10 தடவை நடக்கிறது. ஆகவே மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 10 × குணகம். செலவானதற்குக் கழித்தல் குறி, உண்டானதற்குக் கூட்டல் குறி.

| மோல் | NH₃ | CO₂ | யூரியா | H₂O |
|---|---|---|---|---|
| முன் | 20 | 12 | 0 | 0 |
| மாற்றம் | −20 | −10 | +10 | +10 |
| பின் | 0 | 2 | 10 | 10 |

கடைசி வரிசையில் எல்லா விடையும் உட்கார்ந்திருக்கிறது. மிஞ்சியது 2 மோல் கார்பன் டை ஆக்சைடு, 88 கிராம். யூரியா 10 மோல், 600 கிராம். தண்ணீர் 180 கிராம். 88 + 600 + 180 = 868. போட்டது 340 + 528 = 868. கணக்கு நேர்.

இப்போது வேண்டுமென்றே தப்பு செய்து பார்ப்போம். கார்பன் டை ஆக்சைடுதான் காரணி என்று நினைத்து 12 தடவை நடத்தினால் அம்மோனியாவின் மாற்றம் −24. பின் வரிசையில் 20 − 24 = −4 மோல். இல்லாத நாலு மோல் அம்மோனியாவை எங்கிருந்து கொண்டுவருவது? தப்பு அந்தக் கட்டத்துக்குள்ளேயே கத்துகிறது. மற்ற இரண்டு வழியிலும் இதே தவறு 720 கிராம், 450 ÷ 720 = 62.5 சதவீதம் என்று பவ்யமாக வந்து நின்றிருக்கும்.

செலவு என்ன? இடமும் நேரமும். ஒரு மதிப்பெண் கேள்விக்கு இதைப் போடுவது ஈயை அடிக்க உலக்கை எடுப்பது மாதிரி. இன்னொன்று, இந்த அட்டவணைக்குள் மோல் மட்டும்தான் போக வேண்டும். சில பேர் முன் வரிசையில் 340, 528 என்று கிராமையே எழுதிவிட்டு, மாற்றத்தில் குணகத்தைப் பெருக்குவார்கள். அந்தக் குழப்பத்தை எடுத்துவிட நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. இடது மேல் மூலையில் “மோல்” என்று எழுதச் சொல்வது அதற்காகத்தான்.

தோழியின் நோட்டில் இருந்த “தேவை, இருப்பு” வழியையும் சொல்லிவிடுகிறேன். 12 மோல் கார்பன் டை ஆக்சைடுக்கு 24 மோல் அம்மோனியா தேவை, இருப்பது 20, போதாது, ஆகவே அம்மோனியா. நல்ல வழிதான், இரண்டே பொருள் இருந்தால். கார்பன் டை ஆக்சைடை வைத்து ஆரம்பித்துவிட்டு “போதாது” என்று வந்ததும், ஆரம்பித்த பொருளையே காரணி என்று எழுதிவிடும் ஆபத்து மட்டும் இதில் உண்டு. மூன்று பொருள் வந்தால் யாரை யாரோடு ஒப்பிட்டோம் என்பதே மறந்துபோகும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | இரண்டு விளைச்சல் | குணகத்தால் வகுத்தல் | அட்டவணை |
|---|---|---|---|
| நேரம் | நடுத்தரம் | மிகக் குறைவு | அதிகம் |
| மிஞ்சியது தெரியுமா | தனியாகப் போட வேண்டும் | தனியாகப் போட வேண்டும் | தானாக வரும் |
| காரணியை மாற்றி எடுத்தால் | தண்ணீரையும் சேர்த்து எடை பார்த்தால்தான் தெரியும் | தெரியாது | கழித்தல் எண் வரும் |
| வழக்கமான வழுக்கல் | கூட்டுவது, பெரியதை எடுப்பது | ஈவை மோல் என்று நினைப்பது | கிராமை உள்ளே எழுதுவது |
| எங்கே எடுபடும் | சதவீதம் மட்டும் கேட்டால் | ஒரு மதிப்பெண், நீட் | அசைன்மென்ட், பல பகுதிக் கேள்வி |

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது: பென்சிலில் ஓரத்தில் வகுத்துப் பார், பேனாவில் அட்டவணை போடு. வகுத்தல் எத்தனை தடவை என்பதைச் சொல்லிவிடும், அட்டவணை அதைச் சரிபார்க்கும். இரண்டும் சேர்ந்தால் ஆகும் நேரம், முதல் வழியில் மிச்சத்தையும் சேர்த்துப் போடும் நேரத்தைவிட அதிகமில்லை. விளைச்சல் சதவீதம் மட்டும் கேட்டு மிச்சத்தைக் கேட்கவே இல்லை என்றால் நானே முதல் வழிக்குத்தான் போவேன்.

ஒரு விதிவிலக்கு. பள்ளியில் ஆசிரியர் ஒரு குறிப்பிட்ட வழியில்தான் படிகளை எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தால் அவர் சொன்னபடிதான். படிக்கு மதிப்பெண் போடுகிறவர் அவர்.

## சதவீதத்தை எந்தப் பக்கம் போடுவது

வயலில் எதிர்பார்த்த மகசூல் ஒன்று, களத்தில் தூற்றி அளந்த பின் கண்டுமுதல் ஒன்று. கொள்கையளவு விளைச்சல் முன்னது, கிடைத்த விளைச்சல் பின்னது. கண்டுமுதலை எதிர்பார்த்ததால் வகுத்து நூறால் பெருக்கினால் விளைச்சல் சதவீதம். இதுவரை யாரும் தடுமாறுவதில்லை. கேள்வியைத் திருப்பிப் போட்டால்தான் தடுமாற்றம்.

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. விளைச்சல் 75 சதவீதம் என்றால் ஒரு மூட்டைக்கு எவ்வளவு அம்மோனியா வேண்டும்?

45,000 ÷ 60 = 750 மோல் யூரியா. அதற்கு 1,500 மோல் அம்மோனியா, 25.5 கிலோ. இப்போது 0.75ஆல் பெருக்குவதா, வகுப்பதா? பெருக்கினால் 19.125 கிலோ வரும். நூறு சதவீதம் கிடைத்தாலே 25.5 கிலோ தேவைப்படும்போது, பாதி வழியில் நஷ்டமாகும் வினைக்கு அதைவிடக் குறைவாக எப்படிப் போதும்? வகுக்கத்தான் வேண்டும்: 25.5 ÷ 0.75 = 34 கிலோ. பொருளிலிருந்து விளைச்சலுக்குப் போகும்போது பெருக்கு, விளைச்சலிலிருந்து பொருளுக்குத் திரும்பும்போது வகு என்று மனப்பாடம் செய்வதைவிட, விடை 25.5ஐவிடக் கூட வேண்டுமா குறைய வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது பத்திரம்.

நூறு ஏன் வரவில்லை என்று கேட்டால் மாணவர்கள் “சிந்திப் போயிருக்கும்” என்பார்கள். யூரியா ஆலையில் அது காரணமில்லை. அங்கே முதலில் அம்மோனியம் கார்பமேட் உண்டாகிறது, அது யூரியாவாகவும் தண்ணீராகவும் மாறுகிறது. இந்த மாற்றம் சமநிலை வினை, ஒரே சுற்றில் முழுமையாக நடக்காது. அதனால் அம்மோனியாவைச் சமன்பாடு கேட்கும் இரண்டுக்கு ஒன்றைவிட அதிகமாக, மூன்றுக்கு மேலும் அனுப்பி, வினைபுரியாததைத் திரும்பச் சுற்றுக்குள் விடுகிறார்கள். அதாவது அங்கே கட்டுப்பாட்டுக் காரணியைத் தேர்ந்தெடுப்பதே மனிதர்கள்தான். நம் கணக்கில் அம்மோனியா முதலில் தீர்ந்தது, ஆலையில் கார்பன் டை ஆக்சைடைத்தான் கட்டுப்பாட்டுக் காரணியாக வைக்கிறார்கள்.

## எந்த வழியும் காப்பாற்றாத இடம்

மூன்று வழிக்கும் ஒரே முதல் படி, கிராமை மோலாக்குவது. அங்கே தப்பினால் அட்டவணையும் கைவிட்டுவிடும்.

ஆய்வகத்தில் கால்சியம் குளோரைடு கரைசலையும் சோடியம் கார்பனேட் கரைசலையும் கலந்து கால்சியம் கார்பனேட் வீழ்படிவு எடுக்கும் சோதனையைப் பாருங்கள்.

CaCl₂ + Na₂CO₃ → CaCO₃ + 2NaCl

கால்சியம் குளோரைடு 7.35 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 6.36 கிராம். பாட்டிலின் லேபிளில் CaCl₂·2H₂O என்று இருக்கிறது, மோலார் நிறை 147. ஆகவே 0.05 மோல். சோடியம் கார்பனேட் 6.36 ÷ 106 = 0.06 மோல். கால்சியம் குளோரைடுதான் கட்டுப்பாட்டுக் காரணி. கால்சியம் கார்பனேட் 0.05 × 100 = 5 கிராம்.

சமன்பாட்டில் CaCl₂ என்று மட்டும் இருப்பதைப் பார்த்து 111 என்று போட்டால்? 7.35 ÷ 111 = 0.066 மோல். இப்போது 0.06தான் சிறியது. காரணியே தலைகீழாகிவிட்டது, விளைச்சல் 6 கிராம் என்று வருகிறது. எடைச் சோதனை போட்டாலும் நேராகத்தான் வரும்: 6 கிராம் கார்பனேட், 7.02 கிராம் உப்பு, மிஞ்சிய கால்சியம் குளோரைடு 0.69 கிராம், மொத்தம் 13.71. போட்டதும் 13.71. கழித்தல் எண் எங்கும் இல்லை. தாளில் எந்தக் குறையும் காண முடியாது.

இதோடு ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேடிக்கை. வடிகட்டிய வீழ்படிவைச் சரியாகக் காயவிடாமல் எடை போட்டால் 5.4 கிராம் என்று காட்டும். 5ஆல் வகுத்தால் 108 சதவீதம். நூறைத் தாண்டியதும் ஈரமோ, கழுவாத உப்போ இருக்கிறது என்று தெரிந்துவிடும். கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைத் திருப்பி அனுப்புவது எதற்கு? தண்ணீரும் எடையில் சேரும் என்பதும் ஒரு காரணம்தானே. ஆனால் 111 போட்ட மாணவருக்கு 5.4 ÷ 6 = 90 சதவீதம். அருமையான விடை! இரண்டு தப்பு ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டது. அவரே பிறகு நன்றாகக் கழுவி, 110 டிகிரியில் உலர்த்தி, இரண்டு தடவை எடை ஒன்றாக வரும்வரை பார்த்து 4.6 கிராம் என்று எழுதினால் அவருக்கு 76.7 சதவீதம்தான். கவனமாகச் செய்தவருக்குக் குறைந்த விளைச்சல். உண்மையில் அது 92.

டெல்டாவின் மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. கால்சியம் குளோரைடு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். மூடி சரியாக மூடாத பாட்டிலில் கார்த்திகை மாசத்தில் கட்டியாகி, ஓரத்தில் கசிந்தே நிற்கும். அதிலிருந்து 7.35 கிராம் நிறுத்தால் லேபிள் சொல்லும் 0.05 மோல்கூட அதில் இருக்காது. கட்டுப்பாட்டுக் காரணி மாறாது, ஆனால் விளைச்சல் குறைந்து வரும், பழியோ வடிதாளின் மேல் விழும்.

தாளில் பிடிபடாத இதைச் சோதனைக்குழாயில் பிடிக்கலாம். வீழ்படிவை வடிகட்டி எடுத்த தெளிந்த நீரை இரண்டு குழாயில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றுங்கள். ஒன்றில் கால்சியம் குளோரைடு கரைசல் இரண்டு சொட்டு, மற்றதில் சோடியம் கார்பனேட் கரைசல் இரண்டு சொட்டு. முதல் குழாய் வெள்ளையாகக் கலங்கினால் கார்பனேட் மிஞ்சியிருக்கிறது, ஆகவே தீர்ந்துபோனது கால்சியம். இரண்டாவது கலங்கினால் கால்சியம் மிஞ்சியிருக்கிறது. 111 போட்டு “கார்பனேட்தான் கட்டுப்பாட்டுக் காரணி” என்று நோட்டில் எழுதிய பையனிடம் முதல் குழாயைக் கொடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னேன். அரிசி கழுவின தண்ணி மாதிரி கலங்கி நின்றது. ஒன்றும் பேசாமல் போய் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தான்.